துருப்பிடித்த 12, பளபளக்கும் 16: எந்தக் கம்பியைத் திருப்புவது?

கேள்வி: "கட்டட வேலைக்கு முறுக்குக் கம்பி வந்து இறங்கியிருக்கிறது. 12 மி.மீ. கம்பி முழுக்கச் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கிறது. 16 மி.மீ. புதுசாக, பளபளவென்று இருக்கிறது, ஆனால் ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டால் 1.49 கிலோதான் வருகிறது. 12-ஐத் திருப்பிவிட்டு 16-ஐ வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. அப்படியே செய்யலாமா?"

அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது 16 மேல்தான். துரு எல்லோர் கண்ணிலும் படும், அதனால் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். எடைக் குறைவு தராசில் வைக்கிற வரை யாருக்கும் தெரியாது. சைட்டில் கம்பி இறக்கிச் சரிபார்க்கிற வேலையை இருபது வருடத்துக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். துருவுக்காகத் திருப்பி அனுப்பிய லோடுகளை விட எடைக்காகத் திருப்பி அனுப்பியவைதான் அதிகம். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்துதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 1.49. இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. அதிலிருந்துதான் எல்லாரும் சொல்கிற கணக்கு வருகிறது: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 16 மி.மீ.க்கு 256-ஐ 162 ஆல் வகுத்தால் 1.58. உங்களுக்கு வந்திருப்பது 1.49. கிட்டத்தட்ட 5.7 சதவீதம் குறைவு. திருப்பிப் போட்டுப் பார்த்தால், 16 என்று நீங்கள் வாங்கியது உண்மையில் ஏறக்குறைய 15.5 மி.மீ. கம்பி.

இது அனுமதிக்குள் வருமா என்றால், எந்தத் தரநிலைப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786-ல் இரண்டு வரம்பு இருக்கிறது, நிறையப் பேர் ஒன்றைத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 10 மி.மீ.க்கு மேல் 16 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு, தனி ஒரு துண்டு 6 சதவீதம் வரை குறையலாம். ஆனால் லாட் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது சராசரி 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 10 மி.மீ. வரை இந்த இரண்டு எண்ணும் 8, 7. 16-க்கு மேல் 4, 3. பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 4449 இன்னும் இறுக்கமானது, 8 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பிக்கு நாலரை சதவீதம்தான் தருகிறது. அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். ஏ615 குறைவில் 6 சதவீதம் வரை விடுகிறது.

இப்போது உங்கள் துண்டைப் பாருங்கள். ஐ.எஸ். கணக்கில் தனித் துண்டுக்கான அடிமட்டம் சுமார் 1.485 கிலோ. 1.49 அதைத் தாண்டிவிட்டது, அதுவும் மயிரிழையில். ஆனால் லாட் சராசரிக்கான அடிமட்டம் 1.50. எல்லாக் கம்பியும் உங்கள் துண்டு மாதிரியே இருந்தால் லாட் தோற்றுவிடும். ஒரு துண்டை வைத்து விற்றவர் "அளவுக்குள்தானே இருக்கிறது" என்று சொன்னால் அவர் சொல்வதும் பொய்யில்லை. நீங்கள் "இல்லை" என்று சொல்லவும் ஒரு துண்டு போதாது. அதனால் இன்னும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவதற்கு முன் தராசைப் பார்த்துவிடுங்கள். 10 கிராம், 20 கிராம் தள்ளிக் காட்டுகிற தராசில் 1.49-க்கும் 1.50-க்கும் இடையே முடிவெடுக்கவே முடியாது. முத்திரை போட்ட ஒரு கிலோ, இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்துப் பாருங்கள், சரியாகக் காட்டினால் மேலே போகலாம். குறைந்தது 5 கிராம் வரை பிரித்துக் காட்டுகிற தராசு வேண்டும். அப்புறம் வெட்டும் முறை. கம்பி வெட்டும் கத்திரியில் வெட்டினால் முனை சப்பையாகி, சாய்ந்து போகும்; அளவு எங்கிருந்து எங்கே என்றே தெரியாது. அறுப்பு வட்டு வைத்து நேராக வெட்டி, பிசிறைத் தட்டிவிட்டு, நீளத்தை மி.மீ. கணக்கில் அளந்து எழுதுங்கள். துண்டு 997 மி.மீ. இருந்தால் 997 என்றே எழுதி, எடையை 0.997 ஆல் வகுங்கள். சரியாக ஆயிரம் வர வேண்டும் என்று மல்லுக்கட்டத் தேவையில்லை. அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் சின்னதாக இருந்தால் வெட்டுப் பிழையே விடையைத் தின்றுவிடும்.

எந்தக் கம்பியில் வெட்டுவது என்பதும் முக்கியம். மேலே கைக்கு எட்டுகிற கட்டில் மூன்று துண்டு வெட்டுவது பரிசோதனை ஆகாது. வேறு வேறு கட்டிலிருந்து, அடியில் கிடப்பது உள்பட, ஆறு கம்பி உருவுங்கள். கம்பியின் முனையிலிருந்து முதல் அரை மீட்டரை விட்டுவிட்டு அதற்கு உள்ளே வெட்டுங்கள், ஆலை உருளையில் நுழைந்து வெளியேறும் முனை சில சமயம் ஒழுங்கற்று இருக்கும். ஒரே கம்பியில் அடுத்தடுத்து ஆறு துண்டு வெட்டினால் அது ஒரு கம்பியை ஆறு தடவை எடை போட்டதுதான்.

ஆறு துண்டின் எடை 1.49, 1.50, 1.48, 1.49, 1.51, 1.49 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 1.493. லாட் வரம்பான 1.50-க்குக் கீழே. 1.48 வந்த துண்டு தனித் துண்டு வரம்பையும் தாண்டிக் கீழே போய்விட்டது. இந்த லாட்டைத் திருப்ப வேண்டியதுதான், பேச்சே இல்லை. அதுவே 1.49, 1.53, 1.52, 1.54, 1.51, 1.53 என்று வந்திருந்தால் சராசரி 1.52. குறைவு 4 சதவீதத்துக்குள். உங்கள் முதல் துண்டு மெலிந்த ஒன்றாக அமைந்துவிட்டது என்று பொருள். ஐ.எஸ்.படி லாட்டை வைத்துக்கொள்ளலாம், நானும் வைத்துக்கொள்வேன். இரண்டுக்கும் நடுவில், 1.50-ஐ ஒட்டியே சராசரி வந்தால்? இன்னும் ஆறு வெட்டுவேன். அப்போதும் அங்கேயே நின்றால் விற்றவரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே, அவர் காட்டுகிற கம்பியில் இரண்டு, நான் காட்டுகிறதில் இரண்டு என்று வெட்டுவேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் வாதம் இருக்காது.

காலிப்பரை வைத்து "16 வருகிறதே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மேலே வரிவரியாகப் புடைத்த ரிப் உள்ள கம்பியில் 16 என்று அளக்க ஒரு இடமே கிடையாது. ரிப்புக்கு இடையில் உடம்பை அளந்தால் 16-க்குக் குறைவாகத்தான் காட்டும், ரிப் மேல் வைத்தால் 17-க்கு மேலேயே கூடக் காட்டும். 16 என்பது ரிப்பையும் சேர்த்து உருக்கி ஒரு மொழுமொழு உருளையாக்கினால் வரும் விட்டம். அதை அளக்கத் தராசுதான் கருவி.

இந்தக் குறைவால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்பது பில் போட்ட விதத்தைப் பொறுத்தது. 12 மீட்டர் கம்பி அறுபது வந்திருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 720 மீட்டர். கணக்குப்படி 1138 கிலோ இருக்க வேண்டும், மேலே சொன்ன 1.493 சராசரியில் உண்மையில் இருப்பது 1075 கிலோ. எண்ணிக்கையை எடைப் பட்டியலால் பெருக்கி 1138 கிலோவுக்குப் பில் போட்டிருந்தால், வராத 63 கிலோவுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். நிஜமாகவே எடை போட்டு 1075-க்குப் பில் போட்டிருந்தால் பணத்தில் நஷ்டம் இல்லை. சொல்லப்போனால், அதே எடைக்கு நீளம் அதிகம் கிடைத்திருக்கிறது. இதனால்தான் "எடை போட்டுத்தானே வாங்கினேன், எனக்கென்ன" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வரைபடம் போட்டவர் எட்டு கம்பி என்று எழுதும்போது, ஒவ்வொன்றிலும் 201 சதுர மி.மீ. இரும்பு இருக்கிறது என்று வைத்துத்தான் எழுதியிருக்கிறார். உங்கள் கம்பியில் இருப்பது 190. எட்டு கம்பி உள்ள இடத்தில் ஏழரைக் கம்பி வேலைதான் நடக்கும். பணம் சரியாகிவிட்டது, தூண் சரியாகவில்லை. இதற்கு நேர் எதிராக, கனம் கூடிய கம்பியை எடைக்கு வாங்கினால் கட்டடத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வேலை முடியும் முன்பே கம்பி தீர்ந்து போகும்.

லாரியோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தாலே போதாதா என்று கேட்பீர்கள். பெரிய லோடுக்கு அது நல்ல முதல் சோதனை, நானும் செய்வேன். ஆனால் பல அளவுக் கம்பி கலந்து வந்தால் ஒன்றின் குறைவை இன்னொன்றின் கூடுதல் மறைத்துவிடும். மேடையே 10 கிலோ, 20 கிலோ படிகளில்தான் காட்டுகிறது என்றால் ஒரு டன் சரக்குக்கு அதிலேயே ஒன்றிரண்டு சதவீதம் போய்விடும். துண்டு வெட்டுவதற்கு அது மாற்று ஆகாது.

சரி, 12-க்கு வருவோம். முறுக்குக் கம்பியை ஆலையில் சூட்டோடு சூடாகத் தண்ணீர் பீய்ச்சித்தான் குளிர வைக்கிறார்கள். அதனால் அதன் மேல்தோல் மெல்லியது. ஒரு மழை, இரண்டு பனி இரவு போதும், செம்மண் பூசினாற்போல ஆகிவிடும். துணியை வைத்து அழுத்தித் துடையுங்கள். ஆரஞ்சு மாவு மாதிரி துணியில் ஒட்டி, கீழே சாம்பல் நிறம் தெரிந்தால் அது வெறும் மேல்துரு. துணிக்கு வராமல் பழுப்பாக இறுகப் பிடித்திருந்தாலும் பயமில்லை. கான்கிரீட்டோடு பிடிப்பை அது கெடுப்பதில்லை, சொரசொரப்பால் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். உரிந்து உதிர்கிற துருவும், சேறும், எண்ணெயும், பெயின்ட்டும்தான் ஆகாதவை. அவற்றை நீக்கிவிட்டுத்தான் கம்பியைப் போட வேண்டும்.

கவனிக்க வேண்டியது செதில். கம்பியைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள், அல்லது லேசாக வளைத்துப் பாருங்கள். பொரிந்த சுண்ணாம்பு மாதிரி பாளம் பாளமாக விழுந்தால், இரும்பு உண்மையிலேயே கரைந்திருக்கிறது. எவ்வளவு கரைந்தது என்பதுதான் கேள்வி. அதற்கும் தராசுதான் பதில், ஆனால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துரு என்பது இரும்போடு காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தது, அது தான் உருவான இரும்பை விடக் கனமானது. துருவோடு எடை போட்டால் இழப்பு தெரியாது, சில நேரம் கூடுதலாகக் கூடக் காட்டும். ஒரு மீட்டர் வெட்டி, கை பிரஷால் எல்லாப் பக்கமும் ரிப்பின் இடுக்கு வரை தேய்த்து, துடைத்துவிட்டு எடை போடுங்கள். மெஷினில் பொருத்திய பிரஷ் வேண்டாம், அது நல்ல இரும்பையும் ரிப்பின் முனையையும் சேர்த்துத் தின்னும். 12-க்குக் கணக்கு எடை 0.888 கிலோ. அதே 5, 6 சதவீத வரம்பு. 0.87-ல் நின்றால் அந்தத் துரு ஒன்றும் செய்யவில்லை. அமெரிக்கத் தரநிலைகள் இதை எழுத்திலேயே வைத்திருக்கின்றன: துருவும் மேல்தோலும் தம்மளவில் நிராகரிக்கக் காரணம் ஆகா; பிரஷால் தேய்த்த துண்டின் எடையும், ரிப்பின் உயரமும் மற்ற அளவுகளும், வலுவும் குறையாமல் இருந்தால் சரி.

ஒரே அளவு துரு எல்லாக் கம்பிக்கும் ஒரே கெடுதல் செய்யாது என்பதையும் மனதில் வையுங்கள். சுற்றிலும் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு தோல் போனால், 25 மி.மீ. கம்பி ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் இழக்கிறது. 12 மி.மீ. மூன்று சதவீதத்துக்கு மேல். 8 மி.மீ. கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். அதனால் தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்துக்கு வாங்கிய 8 மி.மீ.யில் செதில் உதிர்ந்தால் நான் உடனே தராசைத் தேடுவேன். 25-ல் அதே செதிலைக் கண்டால் அவ்வளவு பதற மாட்டேன்.

தராசு பிடிக்காத ஒன்று உண்டு, அது குழி. தேய்த்த கம்பியை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நகத்தை ஓட்டிப் பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரி நகம் இறங்குகிற குழிகள் இருந்தால், மொத்த எடையில் அது ஒரு சதவீதம் கூடக் காட்டாது. ஆனால் வளைக்கும்போது விரிசல் பிறப்பது அங்கேதான். குழி பெரும்பாலும் உப்பினால் வருவது. கடல் வழியாகத் திறந்து கிடந்து வந்த சரக்கிலும், கடற்கரையில் பல மாதம் கிடந்த சரக்கிலும் பார்க்கலாம். உப்பு குழிக்குள் தங்கிவிட்டால் கான்கிரீட்டுக்கு உள்ளேயும் அரிப்பைத் தொடர வைக்கும். பிரஷ் அங்கே எட்டாது. சந்தேகம் இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, அதைச் சிறிது அதே நீரில் பிழிந்து, சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். பால் போலக் கலங்கினால் உப்பு இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலேயே உப்பு இருக்கும். எத்தனை ஆழக் குழி வரை விடலாம் என்று கேட்டால், அது என் அனுபவத் தீர்ப்புதான், தரநிலை வாக்கியம் இல்லை: நகம் மாட்டுகிற குழி ஆங்காங்கே வரிசையாக இருந்தால் எடை சரியாக வந்தாலும் நான் எடுப்பதில்லை. எங்கோ ஒன்றிரண்டு தெரிந்தால் அந்தக் கம்பிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொள்வேன். இன்னொரு என்ஜினீயர் இதில் வேறு கோடு போடலாம், அவரைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கான்கிரீட்டைக் கம்பி பிடித்துக்கொள்வது அதன் உயரத்தாலும் நெருக்கத்தாலும்தான். கையோடு வைத்துக்கொள்ள ஒரு அளவு: ரிப்பின் உயரம் விட்டத்தில் இருபதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், ஒரு ரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டத்தில் பத்தில் ஏழு பங்கைத் தாண்டக் கூடாது. 16-க்கு உயரம் 0.8 மி.மீ., இடைவெளி 11 மி.மீ. இடைவெளியை ஒன்றொன்றாக அளக்காதீர்கள், பத்து இடைவெளியை மொத்தமாக அளந்து பத்தால் வகுங்கள். உயரத்துக்குக் காலிப்பரின் பின்னால் நீளும் ஊசியை ரிப்பின் பக்கத்தில் இறக்கிப் பாருங்கள். ஐ.எஸ். 1786 உயரத்தைத் தனியாகச் சொல்லாமல், ரிப்பின் மொத்தப் பரப்பு ஒரு மி.மீ. நீளத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறது, அதைச் சைட்டில் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது. விவகாரம் முற்றினால் ஆய்வகம் பார்க்கட்டும். கண்ணுக்கே தெரிவது தேய்ந்த உருளையில் ஓட்டிய கம்பி: ரிப்பின் முனை மழுங்கி, சோப்பு தேய்ந்தாற்போல உடம்போடு கலந்திருக்கும். இரண்டு பக்கத்து ரிப்பும் ஒன்றுக்கொன்று உயரத்தில் மாறியிருந்தாலும், நீளவாக்கு வரியில் படி விழுந்திருந்தாலும், மேல் உருளையும் கீழ் உருளையும் நேராக நிற்கவில்லை என்று பொருள். எடை குறைவாக இருக்கும் லாட்டில் இதைப் பல முறை கூடவே பார்த்திருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றை எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். கம்பியின் உடம்பில் ரிப்புக்கு நடுவே, ஆலையின் அடையாளமும் கம்பியின் தரமும் அச்சாகப் புடைத்து வந்திருக்க வேண்டும். கட்டில் தொங்கும் அட்டையில், எந்த உலை உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் ஹீட் நம்பர் இருக்கும், கூட வந்த டெஸ்ட் சர்டிபிகேட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். சர்டிபிகேட் ஒரு ஹீட்டுக்கும் கம்பி இன்னொரு ஹீட்டுக்கும் இருந்தால், அந்தக் காகிதம் உங்கள் கம்பியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. உடம்பில் அடையாளமே இல்லாத கம்பியை நான் எடை போடுவதே இல்லை, அப்படியே லாரியில் திரும்பிப் போகும். இன்னொரு பயனும் உண்டு: நான் லாட் என்று எடுப்பது லாரி முழுவதையும் அல்ல, ஒரே அளவு, ஒரே ஹீட்டை. அட்டைகளைப் பிரித்தால் 16-ல் இரண்டு ஹீட் கலந்திருப்பது தெரிய வரலாம், ஒன்று தேறி மற்றொன்று தோற்கலாம்.

எடையும் ரிப்பும் சரியாக வந்துவிட்டால் கம்பி நல்ல கம்பி என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எத்தனை கிலோ இரும்பு இருக்கிறது என்று தராசு சொல்லும். அந்த இரும்பு எந்தச் சுமையில் நீளும், எதில் அறும் என்று சொல்லாது. சைட்டில் செய்யக்கூடியது வளைத்துப் பார்ப்பது: 500 தரக் கம்பியில் 16 மி.மீ.யை 64 மி.மீ. விட்டமுள்ள உருளையைச் சுற்றி, அதாவது கம்பியின் விட்டத்தைப் போல நாலு மடங்கில், மெதுவாக முழு அரைவட்டம் வளைத்து வெளிப்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் வந்தால் லாட்டை நிறுத்தலாம். வரவில்லை என்றால் அது உடையவில்லை என்று மட்டும்தான் தெரிந்தது, வலு தெரியவில்லை. வலுவுக்கு ஆய்வகத்தின் இழுவிசைச் சோதனைதான் வழி. ரிப்போர்ட் வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: அழுத்தத்தைக் கணக்கிட எந்தப் பரப்பை எடுத்தீர்கள்? உங்கள் 16 தாங்கிய சுமையை நிஜப் பரப்பான 190-ஆல் வகுத்தால் தரத்துக்கு வேண்டிய 500-ஐத் தாண்டி அழகாகத் தேறிவிடும். ஆனால் அந்தக் கம்பி உண்மையில் தாங்குகிற சுமை, முழு 16 தாங்க வேண்டியதை விடக் குறைவாகவே இருக்கலாம். "லேப்பில் பாஸ்" என்ற சீட்டோடு எடைக் குறைந்த கம்பி வந்து சேருவது இப்படித்தான். சோதனையில் ஒரு துண்டு தோற்றால் அதோடு முடிந்துவிட்டது என்றும் இல்லை. ஐ.எஸ்.படி அதே லாட்டிலிருந்து இன்னும் இரண்டு எடுத்துப் பார்க்கலாம், இரண்டுமே தேற வேண்டும்.

ஆக உங்கள் சைட்டில் இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு அளவையும் தொடாமல் வையுங்கள், வெட்டவோ வளைக்கவோ விடாதீர்கள். வளைத்த கம்பியை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். சலானில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் "எடை, தரம் சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். 12-ஐத் தேய்த்து எடை போடுங்கள், 16-ல் இன்னும் ஐந்து கம்பி உருவுங்கள். ஒவ்வொரு துண்டிலும் கட்டின் எண்ணையும் எடையையும் பெயின்ட்டால் எழுதி, அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். 16 தோற்று, திருப்பவும் வழியில்லை என்றால், இழுவிசைச் சோதனையில் தேறிய பிறகு, வடிவமைத்த என்ஜினீயரிடம் நிஜ எடையைச் சொல்லிக் கம்பி எண்ணிக்கையைக் கூட்டக் கேட்கலாம். பதினாறு கம்பி இருக்கும் இடத்தில் பதினேழு என்கிற மாதிரி வரும். ஆனால் தூணில் ஒரு கம்பி கூட்ட இடம் இருக்கிறதா, வளையம் மாறுமா என்பதெல்லாம் அவர் முடிவு. மேஸ்திரியோ நீங்களோ நானோ அதைச் சொல்லக் கூடாது.

என் தப்பைச் சொல்கிறேன் என்றேன். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 12 மி.மீ. ஒரு லோடு, மழையில் கிடந்து உங்களுடையது மாதிரியே சிவந்து வந்தது. நான் கோபமாகத் திருப்பி அனுப்பினேன். மூன்று நாளில் மாற்றுச் சரக்கு பளபளவென்று வந்தது, ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்கச் சொன்னேன். நாலு தூணுக்குக் கம்பி கட்டி முடித்த பிறகு வந்த பெரியவர், தரையில் கிடந்த மிச்சத் துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தராசு கொண்டுவரச் சொன்னார். பத்துத் துண்டு எடை போட்டோம், மீட்டருக்கு 0.82 கிலோ. ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. பழைய லோடிலிருந்து விற்றவரிடம் காட்டுவதற்காக ஒரு மீட்டர் துண்டு எடுத்து வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி, கம்பி பிரஷால் நிதானமாகத் தேய்த்து, துருத் தூளைத் தரையில் தட்டிவிட்டுத் தராசில் வைத்தார். 875 கிராம். நாலு தூணையும் பிரித்துக் கட்ட இரண்டு நாள் ஆனது.